கதவோரத்துக் குட்டிப் பூதம் ஏன் ஜெயிக்க முடியாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடையாறில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிளஸ் டூ, பி.எஸ்சி. மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து இயற்பியல் பேசுவது என் வழக்கம். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி வந்தால் மேக்ஸ்வெல்லின் பூதமும் கூடவே வந்துவிடும். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே, இங்கே தருகிறேன்.

சார், அந்தப் பூதம் யாரு? என்னதான் பண்ணும்?

ஒரு பெட்டியை நடுவில் சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரித்திருக்கிறது. இரண்டிலும் ஒரே வெப்பநிலையில் காற்று. வெப்பநிலை ஒன்றுதான் என்றாலும் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சராசரியாக நொடிக்கு 500 மீட்டர் என்றால், அதில் பாதி வேகத்தில் போவதும் உண்டு, இரண்டு மடங்கில் பறப்பதும் உண்டு.

சுவரில் மிகச் சிறிய கதவு ஒன்று. அதன் பக்கத்தில் மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்த ஒரு குட்டி ஆள். வேகமாக வருவதை வலப்பக்கம் விடுவான், மெதுவாக வருவதை இடப்பக்கம் விடுவான், மற்ற நேரத்தில் கதவைச் சாத்தி வைப்பான். கொஞ்ச நேரத்தில் வலது அறை சூடாகும், இடது அறை குளிரும்.

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1867-இல் தன் நண்பர் டெய்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கற்பனை வருகிறது. அதற்குப் பூதம் என்று பெயர் வைத்தவர் கெல்வின். புதையல் காக்கும் நம்மூர்ப் பூதத்தைப் போல இதுவும் ஓரிடத்தில் நின்று காவல்தான் காக்கிறது. கெட்டது எதுவும் அதன் மனதில் இல்லை.

இதுல இரண்டாம் விதிக்கு என்ன ஆபத்து?

மே மாதத்தில் ஏசி போடாமல் அறையின் சூடு தானாக வெளியே போய்விடாது. வெளியே 40 டிகிரி, உள்ளே 26 டிகிரி என்றால், உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ள கம்ப்ரெஸர் உழைக்க வேண்டும். மீட்டர் ஓடுவது அதற்காகத்தான். பூதமோ ஒரு பைசா மின்சாரம் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறது. அப்படி உண்டான சூடு-குளிர் வித்தியாசத்தை வைத்து ஒரு எந்திரத்தையும் ஓட்டலாம். அதாவது சுற்றியிருக்கும் வெப்பத்தை அள்ளி அள்ளி இலவச வேலையாக மாற்றலாம்.

இதை என்ட்ரோபியின் மொழியில் சொல்லிவிட்டால் பின்னால் வசதியாக இருக்கும். வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் காற்றுக்குள், மூலக்கூறுகள் எத்தனை விதமாக இருந்திருக்கலாம்? அந்த எண்ணிக்கையின் மடக்கையை போல்ட்ஸ்மான் மாறிலி k-ஆல் பெருக்கினால் என்ட்ரோபி. சாத்தியங்கள் பாதியானால் என்ட்ரோபி k ln 2 குறையும். இரண்டு மடங்கானால் அதே அளவு கூடும். தனித்து விடப்பட்ட எதிலும் மொத்த என்ட்ரோபி குறையாது என்பது இரண்டாம் விதி. பூதம் குறைத்துக் காட்டுகிறது.

கதவைத் திறந்து மூட சக்தி வேணுமே சார்? அதுலயே கதை முடிஞ்சிடுமே?

முடியாது. இலேசான, உராய்வு இல்லாத கதவாக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளும்போது கொடுத்த சக்தியை நிறுத்தும்போது ஒரு ஸ்பிரிங் திரும்ப வாங்கிக்கொள்ளும். கதவின் செலவை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், அதற்குக் கீழ் வரம்பு கிடையாது. பூதத்தைத் தோற்கடிக்கும் காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

அப்போ பூதமே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் திறக்கிற ஸ்பிரிங் கதவு வெச்சா போதுமே?

1912-இல் போலந்து இயற்பியலாளர் ஸ்மொலுச்சோவ்ஸ்கி இதைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு மூலக்கூறு மோதினாலே திறக்க வேண்டும் என்றால் ஸ்பிரிங் அவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும். ஆனால் கதவும் அதே காற்றில்தான் இருக்கிறது. மோதல்களால் அதுவும் சூடேறி, காற்றின் வெப்பநிலைக்கு வந்ததும் தானாகப் படபடவென்று ஆடத் தொடங்கும். அது தானாகத் திறந்திருக்கும் நேரத்தில் மறுபக்கத்து மூலக்கூறுகள் இந்தப் பக்கம் நழுவும். கணக்குப் போட்டால் போவதும் வருவதும் சமம். கதவைக் குளிர வைத்தால் வேலை செய்யும், ஆனால் குளிர வைப்பதற்கு ஆகும் செலவு அதில் கிடைக்கும் லாபத்தை விழுங்கிவிடும்.

ஆக, அறிவில்லாத கதவு தோற்றுவிட்டது. பார்த்து, தெரிந்துகொண்டு, அதன்படி நடக்கிற பூதம் மட்டும் மிச்சம்.

பார்த்து நடக்கிற பூதத்தை எப்படி கணக்குல கொண்டு வர்றது?

1929-இல் லியோ ஸிலார்ட் கோடி கோடி மூலக்கூறுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் சொன்ன எந்திரத்தை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போம். பெட்டிக்குள் ஒரு மூலக்கூறு. பெட்டியின் சுவர்கள் சென்னை மே மாதக் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன: 40 டிகிரி செல்சியஸ், அதாவது 313 கெல்வின்.

முதலில் நடுவே மெல்லிய சுவரைச் செருகுகிறோம். மூலக்கூறு இடப்பாதியிலோ வலப்பாதியிலோ மாட்டிக்கொள்ளும். எந்தப் பாதி என்று பூதம் பார்த்துத் தன் குறிப்பில் "இடது" என்றோ "வலது" என்றோ எழுதிக்கொள்கிறது. இடது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வலப்பாதி வெற்றிடம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிஸ்டனை நடுச்சுவர் வரை தள்ளிக்கொண்டு வரலாம், எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லாததால் உழைப்பே தேவையில்லை. இப்போது நடுச்சுவரை உருவிவிடுகிறோம். மூலக்கூறு பிஸ்டனில் மோதி மோதி அதை மெதுவாக வலக்கோடி வரை தள்ளிக்கொண்டு போகும், பிஸ்டனோடு கட்டிய ஒரு சிறு எடை மேலே ஏறும். ஒவ்வொரு தள்ளலிலும் மூலக்கூறு இழக்கிற சக்தியைச் சுவர் வழியாக மே மாதக் காற்று ஈடுகட்டிவிடும்.

முடிவில் கிடைத்த வேலை kT ln 2. எண்ணில் 1.38 × 10⁻²³ × 313 × 0.693, அதாவது சுமார் 3 × 10⁻²¹ ஜூல். மிகச் சிறிய அளவுதான். ஒரு மில்லிகிராம் எடையை ஒரு மில்லிமீட்டர் தூக்குவதற்கே மூன்று லட்சம் கோடிச் சுற்றுகளுக்கு மேல் வேண்டும். அளவு சிறிதாக இருந்தாலும் விதி விதிதான். காற்றிலிருந்து வெப்பம் எடுத்தோம், அது முழுக்க வேலையானது, பெட்டி பழைய நிலைக்கே வந்துவிட்டது.

எல்லாமே பழைய நிலைக்கு வந்துவிட்டதா? இந்த இடத்தில் வகுப்பில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பூதத்தோட நோட்டுல 'இடது'ன்னு இருக்கே சார்."

எங்க புக்ல, "பூதம் பார்க்கறதுக்கு வெளிச்சம் வேணும், அதுலதான் செலவு"ன்னு போட்டிருக்கே?

ரொம்ப நாள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். ஸிலார்டே செலவு அளவிடுவதில் இருக்கிறது என்ற பக்கம்தான் சாய்ந்தார். 1951-இல் பிரில்லுவான் அதை விரிவாகக் காட்டினார்: இருட்டுப் பெட்டிக்குள் மூலக்கூறைப் பார்க்க ஒளி அடிக்க வேண்டும். சுற்றிலும் ஏற்கனவே இருக்கும் வெப்பக் கதிர்வீச்சிலிருந்து பிரித்தறிய அந்த ஒளிக்குத் தேவையான அளவு சக்தி இருக்க வேண்டும். அந்தச் செலவு லாபத்தைவிட அதிகம்.

கணக்கு சரி. ஆனால் ஒளியால் பார்க்கும் பூதத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும். தொட்டுப் பார்க்கும் பூதத்துக்கு? காந்தம் வைத்து அறியும் பூதத்துக்கு? 1982-இல் சார்ல்ஸ் பென்னட் காட்டியது இது: தனியாக எந்தச் செலவும் இல்லாமல், மிக மெதுவாக, திருப்பி ஓட்டக்கூடிய விதத்தில் ஓர் அளவீட்டைச் செய்ய முடியும். பூதத்தின் நோட்டு முதலில் "வெற்று" என்ற தெரிந்த நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அளந்தபின் மூலக்கூறு இடதில் இருந்தால் நோட்டிலும் இடது, வலதில் இருந்தால் வலது. முன்னால் இரண்டு சாத்தியம், பின்னாலும் இரண்டு சாத்தியம். எதுவும் எதோடும் கலக்கவில்லை, அதனால் இயற்கை கட்டணம் எதுவும் கேட்பதில்லை. கட்டணம் வருவது அந்த நோட்டை அழித்து மறுபடி வெற்றாக்கும்போதுதான்.

பழைய பாடப்புத்தகங்களில் இன்னும் வெளிச்சக் கதைதான் இருக்கிறது. தேர்வில் அதை எழுதுங்கள், ஆனால் அந்த விளக்கம் முழுமையானது என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுதறதுக்கு செலவு இல்ல, அழிக்கறதுக்கு மட்டும் செலவா? தலைகீழா இருக்கே சார்!

முதல் முறை கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1961-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ரோல்ஃப் லாண்டவர் கண்டது இது. இதை நிதானமாகப் பார்ப்போம்.

சின்ன வயதில் சிலேட்டில் பல்பத்தால் எழுதியிருப்போம். ஈரத் துணியால் துடைத்த பிறகு சிலேட்டைப் பார்த்து, அதில் இருந்தது "அம்மா"வா "அப்பா"வா என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வெற்றுச் சிலேட்டில் முடிந்துவிட்டன. ஆனால் துணியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறது. எழுத்து காணாமல் போகவில்லை, படிக்க முடியாத வடிவில் துணிக்குப் போய்விட்டது.

மூலக்கூறுகளின் இயக்க விதிகளும் இப்படித்தான். ஒரு நொடியில் எல்லாவற்றின் இடமும் வேகமும் தெரிந்தால், முன்னோக்கி ஓட்டுவது போலவே பின்னோக்கியும் ஓட்டலாம். அதனால் வெவ்வேறான இரண்டு தொடக்கங்கள் அணு அளவில் ஒரே முடிவில் வந்து சேரவே முடியாது. இப்போது பூதம் நோட்டைத் துடைக்கிறது: "இடது" இருந்தாலும் "வெற்று", "வலது" இருந்தாலும் "வெற்று". நோட்டைப் பொறுத்தவரை இரண்டு ஒன்றாகிவிட்டது. உலகம் முழுவதையும் பார்த்தால் அப்படி ஆகக் கூடாது. ஆகவே அந்த வித்தியாசம் வேறெங்கோ போயிருக்க வேண்டும். போகக்கூடிய இடம் சுற்றியிருக்கும் காற்றுதான். நோட்டின் சாத்தியங்கள் பாதியானால் காற்றின் சாத்தியங்கள் குறைந்தது இரண்டு மடங்காக வேண்டும். காற்றின் என்ட்ரோபி k ln 2 கூட வேண்டும் என்றால், அதற்குள் குறைந்தது kT ln 2 வெப்பம் இறங்கியே ஆக வேண்டும்.

நம்பிக்கை வராவிட்டால் கையால் செய்து பார்க்கலாம். பூதத்தின் நோட்டும் ஒரு ஒற்றை மூலக்கூறுப் பெட்டிதான் என்று வையுங்கள்: மூலக்கூறு இடதில் இருந்தால் "இடது", வலதில் இருந்தால் "வலது", வெற்று என்பதற்கும் இடதையே வைத்துக்கொள்கிறோம். எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அதை வெற்றாக்க வேண்டும். நடுச்சுவரை எடுத்துவிடுங்கள், மூலக்கூறு பெட்டி முழுக்கத் திரியும். அப்புறம் வலக்கோடியிலிருந்து பிஸ்டனை நடு வரை மெதுவாக அழுத்தித் தள்ளி, சுவரை மறுபடி போட்டுவிடுங்கள். மூலக்கூறு நிச்சயம் இடதில். இந்த அழுத்தலுக்கு நீங்கள் கொடுத்த வேலை kT ln 2, அது முழுக்க வெப்பமாகக் காற்றுக்குப் போனது. எந்திரம் ஒரு சுற்றில் சம்பாதித்ததும் இதே தொகைதான். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பார்க்காம அழிச்சாதானே செலவு? என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டு அழிச்சா?

நல்ல கேள்வி, கேட்டவர் முதலாண்டு மாணவி. "இடது" என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். "வலது" என்று தெரிந்தால் பெட்டியை அப்படியே இடம் மாற்றி வைத்தால் போதும். இரண்டுக்கும் செலவில்லை, உண்மைதான். ஆனால் "தெரிந்தது" எங்கே இருக்கிறது? உங்கள் தலையிலோ இன்னொரு நோட்டிலோ. முதல் நோட்டு வெறுமையானது, இரண்டாவதில் அதே "இடது-வலது" உட்கார்ந்திருக்கிறது. கடன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியிருக்கிறதே தவிர அடையவில்லை. கடைசி நோட்டை, அது ஒன்றுதான் பிரதி என்ற நிலையில், துடைக்கும்போது கட்டித்தான் ஆக வேண்டும்.

அழிக்காமலே வெச்சுக்கிட்டா? பூதத்துக்கு பெரிய மெமரி கொடுத்துட்டா ஜெயிச்சுடுமா?

அழிக்காத வரை வெப்பம் வெளியே வராது, இது சரி. ஆனால் நோட்டையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லாப் பக்கமும் வெற்று, ஒரே ஒரு சாத்தியம். வேலை முடிந்தபின் ஒவ்வொரு வரியிலும் இடதா வலதா என்று தற்செயலான ஒரு குறிப்பு. ஒரு வரிக்கு k ln 2 வீதம் நோட்டின் என்ட்ரோபி ஏறியிருக்கிறது. காற்றில் குறைந்தது நோட்டில் ஏறியது, மொத்தம் குறையவில்லை. வெற்று நோட்டு என்பது ஒரு வகையில் எரிபொருள் மாதிரி. தீர்ந்ததும் எந்திரம் நிற்கும்.

எவ்வளவு நோட்டு தேவை என்று ஒருமுறை கணக்குப் போட்டோம். இரண்டு டம்ளர் தண்ணீர், ஒவ்வொன்றும் 200 மில்லி, இரண்டும் 30 டிகிரி. பூதம் ஒன்றை 29-க்கு இறக்கி, மற்றதை 31-க்கு ஏற்ற வேண்டும். ஒரு டம்ளரின் வெப்பக் கொள்ளளவு கெல்வினுக்குச் சுமார் 840 ஜூல். ஆக 840 ஜூல் இடம் மாற வேண்டும். இரண்டு டம்ளரின் மொத்த என்ட்ரோபி குறைவது 840-ஐ 303-இன் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற அளவு: கெல்வினுக்குச் சுமார் 0.0091 ஜூல். இதை k ln 2-ஆல் வகுத்தால் பிட்களின் எண்ணிக்கை கிடைக்கும். சுமார் 10²¹. டெராபைட்டில் சொன்னால் ஏறத்தாழ 12 கோடி. ஒரு டிகிரிக்கு, இரண்டு டம்ளருக்கு, துளிகூட வீணாக்காத பூதத்துக்கே இவ்வளவு.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த 12 கோடி டெராபைட்டையும் 30 டிகிரியில் அழித்தால் குறைந்தபட்சம் ஆகும் செலவு 2.8 ஜூல் மட்டும்தான். அந்த டம்ளரைத் தரையிலிருந்து எடுத்து நெஞ்சு உயர அலமாரியில் வைக்க ஆகும் வேலை. இப்போது பூதத்தை மறந்துவிட்டு, குறையே இல்லாத ஒரு ஃப்ரிட்ஜ் அதே வேலையைச் செய்தால் குறைந்தபட்சம் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கார்னோ முறையில் கணக்கிடுங்கள். அதே 2.8 ஜூல். ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸருக்குக் கொடுப்பதைப் பூதம் நோட்டைத் துடைக்கக் கொடுக்கிறது.

போன்ல போட்டோ டெலிட் பண்ணும்போது போன் சூடாகறது இதனாலயா?

இல்லை. பெரும்பாலும் டெலிட் என்றால் "இந்த இடம் காலி" என்று குறித்து வைப்பது மட்டும்தான். படம் அங்கேயே இருக்கும், பிறகு வேறொன்று அதன்மேல் எழுதப்படும்போதுதான் உண்மையில் போகும். அப்புறம், இன்றைய சிப்களில் ஒவ்வொரு செயலுக்கும் வீணாகிற வெப்பம், அழிப்பதற்கான அந்தக் குறைந்தபட்ச kT ln 2 என்கிற லாண்டவர் வரம்பைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. போன் சூட்டுக்கு மின்தடையும் கசிவும்தான் காரணம்.

இதெல்லாம் பேப்பர்லதானா? யாராவது செஞ்சு பார்த்திருக்காங்களா?

செய்திருக்கிறார்கள். 2010-இல் ஜப்பானில், நீரில் ஆடும் ஒரு மிகச்சிறு துகளைக் கேமராவில் கவனித்து, அது தற்செயலாக மேலே ஏறிய நேரம் பார்த்துப் பின்னால் மின்புலத்தால் தடுப்புப் போட்டார்கள். தள்ளிவிடாமலே துகள் படியேறியது. பூதத்தின் வேலையைக் கேமராவும் கம்ப்யூட்டரும் செய்தன.

அழிக்கும் பக்கத்தை 2012-இல் பிரான்ஸின் லியோன் நகரில் அளந்தார்கள். இரண்டு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி மணி ஒன்று நீரில். லேசர் ஒளியால் அதற்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள், இடப்பள்ளம் 0, வலப்பள்ளம் 1. நடுவிலிருக்கும் மேட்டைத் தாழ்த்தி, மணியை ஒரு பக்கமாக மெல்லச் சாய்த்து, மறுபடி மேட்டை உயர்த்தினால் மணி எங்கிருந்து தொடங்கியிருந்தாலும் ஒரே பள்ளத்தில் வந்து நிற்கும். மணியின் பாதையிலிருந்து வெளியான வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். அவசரமாக அழித்தால் வெப்பம் அதிகம். நேரம் கொடுத்து அழிக்க அழிக்க அது குறைந்துகொண்டே வந்து, kT ln 2-ஐ நெருங்கியது.

எல்லா விஞ்ஞானிகளும் இதை ஏத்துக்கிட்டாங்களா?

பெரும்பான்மையோர் ஏற்கிறார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. அறிவியல் தத்துவவாதி ஜான் நார்ட்டன் நீண்ட காலமாக எதிர்க்கிறார். லாண்டவர் வரம்பை நிரூபிக்கும்போதே இரண்டாம் விதியை உள்ளே வைத்துக்கொள்கிறீர்கள், பிறகு அதைக் கொண்டே இரண்டாம் விதியைக் காப்பாற்றுகிறீர்களே என்பது அவர் வாதம். நான் லாண்டவர் பக்கம்தான். மேலே சொன்ன சிலேட்டு வாதத்துக்கு இயக்கம் திருப்பி ஓட்டக்கூடியது என்பதும், காற்று வெப்பச் சமநிலையில் இருக்கிறது என்பதும் போதும். ஆனால் அந்த இரண்டாவது அனுமானம் முழுக்க அப்பாவித்தனமானது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நார்ட்டன் விரல் வைப்பதும் ஏறக்குறைய அங்கேதான்.

ஒரே ஒரு தடவையாவது அந்த வரம்புக்குக் கீழ போகாதா சார்?

போகும். லியோன் சோதனையிலேயே சில தனிச் சுற்றுகளில் வெப்பம் kT ln 2-க்குக் குறைவாக வந்தது. நீர் மூலக்கூறுகள் அந்த நேரத்தில் தற்செயலாக மணியைச் சரியான பக்கம் தள்ளிவிட்டிருக்கும். வேறு சுற்றுகளில் தப்பான பக்கம் தள்ளி வெப்பம் கூடியிருக்கும். வரம்பு சராசரிக்குத்தான். அதிர்ஷ்டமான சுற்றுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாமே என்று அடுத்து கேட்பீர்கள். எது அதிர்ஷ்டமான சுற்று என்று பார்த்துக் குறித்து வைக்க, கதவோரத்தில் இன்னொரு பூதத்தை நிறுத்த வேண்டும்.